நான்கு தோராயங்களிலிருந்து ஒரு துல்லியம்

2.6250, 2.6914, 2.7113, 2.7165. ஒரே கணக்குக்குக் கிடைத்த நான்கு விடைகள் இவை. சரியான விடை 2.7182818. நான்கில் சிறந்தது கூட இரண்டு தசம இடங்களுக்குமேல் தேறவில்லை. ஆனால் இந்த நான்கையும் முறையாகக் கலந்தால் 2.7182816 வந்துவிடுகிறது. பிழை ஒரு கோடியில் இரண்டு பங்குதான்.

இந்தக் கலவைக்கு அடிப்படையான எண்ணத்தை 1911-இல் முன்வைத்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு அதைப் பொருத்தும் வழியை 1960-களில் வில்லியம் கிராக் திறந்தார். 1966-இல் ஜெர்மானியக் கணிதவியலாளர்கள் ரோலண்ட் புலிர்ஷ், யோசெஃப் ஸ்டோயர் இருவரும் அதை முழுமையான செயல்முறையாக்கினர்.

மேலே சொன்ன கணக்கு எளிமையானது. ஓர் அளவு எந்தக் கணத்திலும் தன் அளவுக்குச் சமமான வேகத்தில் வளர்கிறது; அதாவது y' = y. தொடக்கத்தில் அதன் மதிப்பு 1. நேரம் 1 ஆகும்போது மதிப்பு என்ன?

இடைவெளியை நான்கு படிகளாகப் பிரித்தால் ஒரு படியின் நீளம் 0.25. முதல் படியை மட்டும் நேராக வைக்கிறோம்: 1 என்பது 1.25 ஆகிறது. அடுத்ததிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி பின்னால் போய், நடுவிலுள்ள புள்ளியின் வேகத்தைக் கொண்டு இரண்டு படி நீளத்தைத் தாண்டுகிறோம். 1-இலிருந்து 1.25 என்ற வேகத்தில் 0.5 தூரம் தாண்டினால் 1.625. இப்படியே 2.0625, பிறகு 2.65625.

இந்தத் தாண்டலில் ஒரு தொல்லை உண்டு. இரட்டைப்படைப் புள்ளிகளும் ஒற்றைப்படைப் புள்ளிகளும் மெல்ல மெல்ல இரண்டு தனித் தடங்களாகப் பிரிந்து விடை ஊசலாடத் தொடங்கும். அதற்காகவே கடைசியில் ஒரு திருத்தம். கடைசிக்கு முந்தைய புள்ளியிலிருந்து, இறுதிப் புள்ளியின் வேகத்தில் ஒரு படி வைத்தால் 2.7266. இதற்கும் 2.65625-க்கும் சராசரி எடுத்தால் 2.6914. இதுதான் திருத்திய நடுப்புள்ளி முறை.

படிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால், இந்த முறையின் பிழையில் படி நீளத்தின் இரட்டை அடுக்குகள் மட்டுமே வரும் என்று கிராக் நிறுவினார். முதலில் h², பிறகு h⁴, h⁶. இடையில் h³, h⁵ கிடையாது. ஆகவே படியைப் பாதியாக்கினால் பிழையின் பெரும்பகுதி கால்வாசியாகிறது. அப்படியானால் இரண்டு விடைகளின் வித்தியாசம் புதிய பிழையைப் போல் மூன்று மடங்கு. அந்த வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைப் புதிய விடையோடு கூட்டினால் h² பிழை முழுதும் நீங்கிவிடும்.

2, 4, 8, 16 படிகளில் கிடைத்த நான்கு விடைகளுக்கும் இதைச் செய்தால் 2.713542, 2.717927, 2.718259 என மூன்று எண்கள் வருகின்றன. இவற்றில் எஞ்சியிருப்பது h⁴ பிழை. பாதியாக்கும்போது அது பதினாறில் ஒன்றாகும். எனவே இம்முறை வித்தியாசத்தில் 15-இல் ஒரு பங்கைக் கூட்டுகிறோம்: 2.718219, 2.718281. அடுத்து 63-இல் ஒரு பங்கு. கிடைப்பது 2.7182816. இதற்கு வேகத்தைக் கணித்தது மொத்தம் 31 தடவை. கலக்காமல் நடுப்புள்ளி முறையை மட்டும் நம்பியிருந்தால், இதே துல்லியத்துக்குச் சுமார் 1,440 படிகள் தேவைப்பட்டிருக்கும்.

சரியான விடை தெரியாத இடத்தில் முறை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. அடுத்தடுத்த தோராயங்களின் வித்தியாசங்கள் இங்கே 0.0664, 0.0199, 0.0052. அவற்றின் விகிதம் 3.3, பிறகு 3.8, நான்கை நோக்கிப் போகிறது. அப்படிப் போகாவிட்டால், படிகள் இன்னும் பெரியவை, அல்லது சமன்பாட்டில் எங்கோ ஒரு முறிவு இருக்கிறது. தரையில் மோதித் திரும்பும் பந்தைப் போன்ற கணக்குகளில் பிழை இரட்டை அடுக்கு ஒழுங்கைப் பின்பற்றாது; அந்த மோதலில் கணக்கை நிறுத்திப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

பாதியாக்கிக்கொண்டே போவதற்குச் செலவும் உண்டு. 16-க்கு அடுத்தது 32, பிறகு 64. அதனால் புலிர்ஷும் ஸ்டோயரும் 2, 4, 6, 8, 12, 16 என்று மெதுவாக ஏறும் வரிசையை எடுத்துக்கொண்டனர். பங்குகளின் அளவு மாறுமே தவிர, கலக்கும் தத்துவம் மாறாது. ஜான் சேம்பர்ஸ் 1999-இல் வெளியிட்ட மெர்குரி என்ற கோள் இயக்க மென்பொருளில், இரண்டு கோள்கள் மிக நெருங்கும் கட்டங்களை இந்த முறையே கணிக்கிறது.

மின்னல் வேகத்தில் தணிந்துவிடும் அளவுகளிடம் மட்டும் இது தோற்கிறது. y' = -50y என்ற சமன்பாட்டில் சரியான விடை ஏறத்தாழ பூஜ்யம். இரண்டு படி நடுப்புள்ளி முறையோ -14,424 என்கிறது. இப்படிப்பட்ட எண்களைக் கலந்து பயனில்லை; படியை வெகுவாகக் குறைத்தாக வேண்டும். வேதிவினைகளில் அடிக்கடி வரும் இவ்வகைச் சமன்பாடுகளுக்காக பாடரும் டாய்ஃபில்ஹார்டும் 1983-இல் நடுப்புள்ளி முறையையே மாற்றியமைத்தனர். அதில் ஒவ்வொரு படியிலும் ஒரு நேரியல் சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க வேண்டும். படிக்கு வேலை கூடும், ஆனால் விடை வெடிக்காது.