பெயரீறும் பொருளடுக்கும்: பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிச் சொற்கள் வழி உள்ளடங்குமொழியம்

ஆய்வுச்சுருக்கம்

ஒரு சொல்லின் பொருள் மற்றொரு சொல்லின் பொருளுக்குள் அடங்கும் உறவு உள்ளடங்குமொழியம் எனப்படும். தமிழ்க் கூட்டுப்பெயரின் ஈற்றில் நிற்கும் பெயரே அதன் மேற்சொல் எனக் கொள்வது எப்போதும் பொருந்துவதில்லை என்பதை மக்காச்சோளம், கல்மரம் ஆகிய சொற்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

குறிச்சொற்கள்: உள்ளடங்குமொழியம், மேற்சொல், கீழ்ச்சொல், இருபெயரொட்டு, மக்காச்சோளம்.

முன்னுரை

சிறப்புப்பெயர் முன்னும் பொதுப்பெயர் பின்னும் நிற்கும் தொடரை இலக்கண நூலார் இருபெயரொட்டுப் பண்புத்தொகை என்பர். ‘மல்லிகைப்பூ’ என்பது ‘மல்லிகையாகிய பூ’ என விரியும். இதில் மல்லிகை கீழ்ச்சொல், பூ மேற்சொல். எனவே, பெயரின் ஈற்றைப் பார்த்தே மேற்சொல்லை அறியலாம் என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. அதன் எல்லையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறவை அறியும் முறை

‘இது ரோசா’ என்பது உண்மையானால் ‘இது பூ’ என்பதும் உண்மையாகும். இதன் மறுதலை உண்மையாக வேண்டுவதில்லை. எதிர்மறையில் திசை மாறும்: ‘இங்குப் பூவே இல்லை’ என்றால் ‘இங்கு ரோசா இல்லை’ என்பது பெறப்படும். மேலும், மேற்சொல்லுக்குரிய பண்புகள் கீழ்ச்சொல்லுக்கும் உரியவாதல் வேண்டும்.

இச்சோதனைகளைக் கொண்டு நோக்கினால், ரோசா, பூ, செடி என்னும் வரிசை ஒரே அடுக்கன்று என்பது புலனாகும். ரோசா பூவின் வகை. ஆனால் பூ செடியின் வகையன்று, அதன் உறுப்பு. தொல்காப்பியம் முதல், சினை என வேறுபடுத்தும் உறவு இது. ‘ரோசாப்பூ’, ‘ரோசாச்செடி’ என இரு தொடர்கள் வழங்குவதால், ‘ரோசா’ என்னும் ஒரு சொல்லே இரு வேறு அடுக்குகளில் இடம்பெறுவது தெளிவாகிறது.

சோளமும் மக்காச்சோளமும்

பெரம்பலூர் மாவட்டத்தின் முதன்மைப் பயிர்களுள் ஒன்று மக்காச்சோளம். வெள்ளைச்சோளம், செஞ்சோளம், இறுங்குச்சோளம் ஆகியவற்றோடு இதனையும் சோளத்தின் வகையாக அடுக்கத் தோன்றும். ஆனால் பண்புச் சோதனையில் இது விலகி நிற்கிறது. சோளத்தின் கதிர் பயிரின் உச்சியில் வெளிப்படும். மக்காச்சோளத்தின் உச்சியில் ஆண்பூங்கொத்து மட்டுமே இருக்கும். கதிர் தண்டின் பக்கத்தில், இலைக்கணுவில் தோன்றும். இளஞ்சோளப் பயிரை மாடு மேய்ந்தால் அதிலுள்ள சயனைடு நஞ்சு உயிருக்கே கேடாகலாம். இவ்வெச்சரிக்கை வெள்ளைச்சோளத்துக்கும் செஞ்சோளத்துக்கும் பொருந்தும். மக்காச்சோளத்துக்கு அவ்வாறு பொருந்தாது. எனவே, இவ்விரண்டும் மேற்சொல்லும் கீழ்ச்சொல்லும் ஆகா. ‘தானியம்’ என்னும் மேற்சொல்லின்கீழ் ஒரே படியில் நிற்கும் இணைச்சொற்களாகும்.

பெயர் இவ்வாறு அமைந்தமைக்கு வரலாறே காரணம். மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். புதிய தானியத்துக்கு, தோற்றத்தில் ஒத்த பழைய தானியத்தின் பெயர் அடைமொழியுடன் இடப்பட்டது. ஆகவே இங்கு ஈற்றுப்பெயர் உணர்த்துவது ஒப்புமையே, வகைமை அன்று.

எனினும் வழக்கு நிலையாக நிற்பதில்லை. சோளப்பொரி, சோளமாவு ஆகிய சொற்களில் ‘சோளம்’ பெரும்பாலும் மக்காச்சோளத்தையே குறிக்கிறது. இவ்வாறு பொருள் விரியுமானால், ‘சோளம்’ இரண்டுக்கும் பொதுவான மேற்சொல்லாகலாம். அப்போது பழைய பொருளைக் குறிக்க அடைமொழி தேவைப்படும். எள்ளின் நெய்யைக் குறித்த ‘எண்ணெய்’ பொதுச்சொல்லான பின், எள்ளெண்ணெய்க்கு ‘நல்லெண்ணெய்’ என்னும் பெயர் வேண்டியதாயிற்று.

இம்மயக்கம் அகராதியோடு நிற்பதன்று. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் பயிரின் பெயரே பதிவாகிறது. பயிர்க் காப்பீடும் பயிர்வாரியாகவே அமைகிறது. 2018ஆம் ஆண்டு படைப்புழுத் தாக்குதலால் இப்பகுதியில் மக்காச்சோளம் பெருஞ்சேதமுற்றபோது, மக்காச்சோள உழவர்களுக்கென அரசு நிவாரணம் அறிவித்தது. ‘சோளம்’ என்று மட்டும் எழுதப்பட்ட பதிவு எப்பயிரைக் குறிக்கிறது என்பதை அச்சொல்லே உறுதிசெய்யாது.

கல்மரம்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள கல்மரம், புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940ஆம் ஆண்டு வெளிப்படுத்திய, ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள தொல்லுயிர் எச்சமாகும். ‘இது கல்மரம்’ என்பதிலிருந்து ‘இது முன்பு மரமாக இருந்தது’ என்பது பெறப்படும்; ‘இது மரம்’ என்பது பெறப்படாது. வளர்தல், தழைத்தல் ஆகிய மரப்பண்புகள் இதற்கு இல்லை. இதன் மேற்சொல் ‘புதைபடிவம்’ என்பதே. அரியலூர்ப் பகுதிச் சுண்ணாம்புக்கல்லில் கிடைக்கும் கடல்வாழ் உயிர்களின் எச்சங்களும் இச்சொல்லின்கீழ் அடங்கும். பெயரில் மரமாக நிற்பது, பொருளடுக்கில் கடற்சிப்பியின் எச்சத்தோடு ஒரு வரிசையில் அமைகிறது.

முடிவுரை

ஈற்றுப்பெயர் மேற்சொல்லைக் காட்டும் குறிப்பே; சான்றன்று. மல்லிகைப்பூவில் அது வகையையும், மக்காச்சோளத்தில் ஒப்புமையையும், கல்மரத்தில் முன்னைய நிலையையும் உணர்த்துகிறது. பொருளடைவு அகராதி தொகுப்போர் ஈற்றுப்பெயர்வழிச் சொற்களை அடுக்குமுன், உண்மைத்தொடர்பு, பண்புரிமை ஆகிய இரு சோதனைகளையும் ஒவ்வொரு சொல்லுக்கும் செய்து பார்த்தல் வேண்டும்.