படுக்கைக்கே வந்த எக்ஸ்ரே

இரவு 2.10. சக்கரம் வைத்த எக்ஸ்ரே மெஷின் வார்டுக்குள் வந்ததும் ஆச்சி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். "மெஷினையே இங்க கொண்டு வாராவளே, தூக்கிட்டுப் போவ முடியாத அளவுக்கு ஆயிருச்சாம்மா?"

தாத்தாவுக்கு 67 வயது. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டியவர். நான்கு நாள் காய்ச்சல், இருமல். நெற்றியில் கோயில் புற்றுமண். ஆச்சியை உட்காரவைத்து, தாத்தாவின் விரலில் மாட்டியிருந்த கருவியைக் காட்டினேன். "மாஸ்க் இருக்கும்போது 93. வாயைத் துடைக்க ஒரு நிமிஷம் எடுத்தேன், 84க்கு எறங்கிட்டு. எக்ஸ்ரே ரூமுக்குத் தள்ளிட்டுப் போற வழியில மூச்சுத் திணறிரக் கூடாதுல்லா? அதான் மெஷின் நம்மகிட்ட வந்திருக்கு ஆச்சி."

அடுத்து தாயத்து. கறுப்புக் கயிற்றில், நெஞ்சுக்கு நடுவில் கிடந்தது. உலோகம் படத்தில் வெள்ளையாக விழுந்து அடியில் இருப்பதை மறைக்கும். கயிற்றை வெட்ட ஆச்சிக்கு மனம் வரவில்லை. வெட்டத் தேவையும் இல்லை. தோளுக்கு மேலே ஒதுக்கி, துணியில் சுற்றி வைத்தேன். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முதுகுக்குப் பின்னால் தகட்டைச் செருகினோம். உட்காரவைத்து எடுத்தால் நெஞ்சில் நீர் கோத்திருப்பது அடியில் தங்கித் தெரியும். மல்லாக்கப் படுத்திருந்தால் அது பரவி, லேசான மங்கலாகத் தப்பிவிடலாம்.

மருமகள் ஆறு மாதக் கர்ப்பிணி. அவளை வெளியே அனுப்பினேன். மகன், "அப்பாவுக்கு மட்டும் கதிர் பட்டாப் பரவாயில்லையா சிஸ்டர்?" என்றார். நியாயமான கேள்வி. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மூன்று நான்கு நாளில் நம்மேல் இயற்கையாகப் படும் கதிர்வீச்சு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் இந்த ஒரு படத்தில். பொத்தானை விட்டதும் கதிர் நின்றுவிடும்; உடம்பிலோ படுக்கையிலோ தங்காது. டெக்னீஷியன் தினமும் பல பேருக்கு எடுப்பவர், அதனால்தான் ஈய அங்கி போட்டு இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறார்.

தாத்தாவால் மூச்சை அடக்க முடியவில்லை. டெக்னீஷியன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்து, அது நன்றாக விரிந்த நொடியில் அழுத்தினார்.

திரையில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாக இருந்தது. நிமோனியா என்றார் டாக்டர். மகனின் கண் இதயத்தின் மேல். "இவ்ளோ பெரிசா இருக்கே?" சுவரில் விழுந்த என் கை நிழலைக் காட்டினேன். விளக்குப் பக்கமாகக் கையை நகர்த்த, நிழல் பெருத்தது. இதயம் நெஞ்சின் முன்பக்கம் இருக்கிறது, தகடோ முதுகுப்பக்கம். மெஷினும் ஒரு மீட்டர் தூரத்தில்தான் நின்றது. அதனால் நிழல் பெரிதாகத்தான் விழும். இதயத்தின் அளவை இந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட மாட்டார்கள். தாத்தா எழுந்து நிற்கும் நிலைக்கு வந்தபின், தகட்டில் நெஞ்சைப் பதித்து, ஆறடி தள்ளி எடுக்கும் படத்தில் பார்ப்பார்கள்.

3 மணிக்கு ஆன்டிபயாடிக் போட வந்தபோது, ஆச்சி தாயத்தைத் தானே நெஞ்சுக்கு இறக்கி வைத்திருந்தார். மாஸ்க்கில் கை படவில்லை. அளவு 94.