ஒரே பூஜ்யத்தில் நிற்கும் வரைபடங்கள்

மூன்று தளங்கள் கொண்ட ஒரு பள்ளிக் கட்டடத்தின் வரைபடம் ஒரே கோப்பில் அடங்குவதில்லை. ஒவ்வொரு தளத்தின் பிளானையும் கட்டடக் கலைஞர் தனித்தனிக் கோப்பில் வரைகிறார். தூணும் உத்தரமும் ஸ்ட்ரக்சுரல் பொறியாளரின் கோப்பில் இருக்கும். தண்ணீர்க் குழாய்க்கும் மின்கம்பிக்கும் வேறு கோப்புகள். இத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தினால்தான் தரைத்தளக் கழிவறையின் குழாய் ஷாஃப்ட் இரண்டாம் தளத்திலும் அதே இடத்தில் வரும். ஆட்டோகேடில் இந்தப் பொருத்தத்துக்கு இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். முதலாவது, ஒரு கோப்பை இன்னொன்றுக்குள் நகலெடுக்காமல் இணைத்துக் காட்டும் எக்ஸ்ரெஃப். இரண்டாவது, எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவான ஓர் ஆதிப்புள்ளி.

எக்ஸ்ரெஃப் என்பது மூலக்கோப்பைப் பார்ப்பதற்கான சன்னல். குழாய்ப் பொறியாளர் தம் கோப்பில் தரைத்தள பிளானை எக்ஸ்ரெஃப்பாக இணைத்தால், சுவர்கள் அவர் திரையில் தெரியும். ஆனால் அவரால் அவற்றை அங்கே அப்படியே இழுத்து மாற்ற முடியாது. கட்டடக் கலைஞர் ஒரு கதவை நகர்த்திக் கோப்பைச் சேமித்த பின், குழாய்க் கோப்பை அடுத்த முறை திறக்கும்போது கதவு புது இடத்தில் இருக்கும். திறந்தே இருந்தால் ரீலோட் செய்ய வேண்டும். பழைய பிளானை வைத்துக்கொண்டு குழாய் வரையும் ஆபத்து இதனால் பெருமளவு குறைகிறது.

ஆனால் எந்த இடத்தில் பொருத்துவது என்பதை எக்ஸ்ரெஃப் தானாக முடிவு செய்வதில்லை. மூலக்கோப்பின் ஆதிப்புள்ளியை, இணைக்கும் கோப்பில் நாம் சொல்லும் புள்ளியில் கொண்டுவந்து வைப்பது மட்டுமே அதன் வேலை. ஆகவே ஆதிப்புள்ளி எது என்பதை முதல் கோடு போடுவதற்கு முன்பே எல்லாரும் பேசி முடிவு செய்ய வேண்டும். நல்ல வழக்கம், கிரிட் கோடுகள் A-யும் 1-உம் வெட்டும் புள்ளியை 0,0 என்று கொள்வது. சுவரின் மூலையையோ காம்பவுண்டின் முனையையோ எடுப்பது சரியல்ல. சுவரின் கனம் மாறலாம், எல்லைக்கோடு மறு அளவீட்டில் நகரலாம். கிரிட் மாறுவது அரிது. எல்லாத் தளங்களுக்கும் அது ஒன்றுதான்.

இந்தப் பள்ளியில் எண் கோடுகள் 4,000 மில்லிமீட்டர் இடைவெளியில் 1 முதல் 6 வரை, எழுத்துக் கோடுகள் 6,000 இடைவெளியில் A முதல் D வரை என்று வைத்துக்கொள்வோம். கிரிட் மட்டும் உள்ள ஒரு கோப்பு முதலில் தயாராகிறது. மற்ற எல்லாக் கோப்புகளும் அதை எக்ஸ்ரெஃப்பாக இணைத்துத்தான் தொடங்குகின்றன. XATTACH கட்டளையில் வரும் சன்னலில் Specify On-screen என்ற குறிகளை எடுத்துவிட்டு, செருகும் புள்ளி 0,0,0, அளவு 1, திருப்பம் 0 என்று விட வேண்டும். மவுஸால் கண்ணளவில் வைப்பதற்கு இங்கே இடமே இல்லை. இணைத்த எக்ஸ்ரெஃப்பைத் தனி லேயரில் வைத்துப் பூட்டிவிட்டால் கைதவறி நகர்த்தும் வாய்ப்பும் போய்விடும்.

அட்டாச், ஓவர்லே என்ற இரண்டு வகைகளில் ஓவர்லேயே இங்கு உகந்தது. அட்டாச் செய்த கோப்பு அடுத்தவர் கோப்புக்குள்ளும் கூடவே போகும். கிரிட் ஒரே திரையில் இரண்டு மூன்று முறை வந்து விழும். ஓவர்லே அந்தக் கோப்போடு நின்றுவிடும். கட்டடக் கலைஞரும் ஸ்ட்ரக்சுரல் பொறியாளரும் ஒருவர் கோப்பை மற்றவர் இணைத்துக்கொண்டாலும் சுழற்சி உண்டாவதில்லை.

கோப்புகள் பொருந்தாமல் போகும்போது, பிசகின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும். முதல் தளப் பிளானை இணைத்ததும் எல்லாத் தூண்களும் ஒரே திசையில் ஒரே தூரம் விலகி நின்றால், யாரோ மூலக்கோப்பின் ஆதிப்புள்ளியை இடம் மாற்றியிருக்கிறார்கள். அந்தத் தூரத்தை அளந்து பார்ப்பது பலன் தரும். அது 115 மில்லிமீட்டர் என்றால் 230 மில்லிமீட்டர் சுவரில் சரிபாதி. அதாவது தூணின் மையத்துக்குப் பதில் சுவரின் வெளிமுகத்தைப் பிடித்து பிளானை 0,0-க்கு நகர்த்தியிருக்கக்கூடும். இத்தகைய சிறு விலகலே மிகவும் அபாயமானது. பத்து மீட்டர் விலகினால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்; 115 மில்லிமீட்டர் அச்சிட்ட தாளில் கண்ணுக்குப் படாமல் போய், ஷாஃப்டுக்குப் போட்ட துளை உத்தரத்தின் மேல் வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

A-1 சரியாகப் பொருந்தி, தூரம் போகப் போக விலகல் கூடினால் அது அலகுக் கோளாறு. acad.dwt வார்ப்புருவில் அலகு அங்குலம். அதில் தொடங்கி மில்லிமீட்டராக நினைத்து வரைபவர் பலர். மில்லிமீட்டர் அலகுள்ள கோப்பில் அதை இணைத்தால் மென்பொருள் அங்குலத்தை மாற்றிக் கொடுப்பதாக எண்ணி 25.4 மடங்கு பெருக்கிவிடும். 4,000-இல் இருக்க வேண்டிய இரண்டாம் கோடு 1,01,600-இல் நிற்கும். எல்லாக் கோப்புகளிலும் INSUNITS மதிப்பை 4 என்று வைப்பதே தீர்வு. 4 என்றால் மில்லிமீட்டர்.

மூன்றாவது வகை கொஞ்சம் குழப்பும். எல்லாம் ஒரே தூரம் விலகியிருக்கும்; மூலக்கோப்பைத் திறந்து பார்த்தால் A-1 சரியாக 0,0-இல் இருக்கும். அப்போது INSBASE மதிப்பைப் பார்க்க வேண்டும். அது 0,0,0 இல்லாவிட்டால் எக்ஸ்ரெஃப் அந்த வேறு புள்ளியைத்தான் பிடித்துச் செருகும்.

பிசகை எங்கே திருத்துவது என்பது முக்கியம். இணைத்தவர் தம் திரையில் எக்ஸ்ரெஃப்பை இழுத்துப் பொருத்திக்கொண்டால் அவருக்குச் சரியாகிவிடும். அதே கோப்பைப் பயன்படுத்தும் மற்ற மூவருக்கும் பிசகு அப்படியே இருக்கும். பிறகு மூலக்கோப்பு திருத்தப்பட்டால் இவருடையது மறுபடி விலகும். ஆகவே திருத்தம் மூலக்கோப்பில்தான் நடக்க வேண்டும். முதலில் எல்லா லேயர்களின் பூட்டையும் திறந்து, உறைய வைத்தவற்றையும் விடுவிக்க வேண்டும். ஏனெனில் ALL என்று தேர்ந்தெடுத்தாலும் பூட்டிய, உறைந்த லேயர்களில் உள்ளவை நகராமல் பழைய இடத்திலேயே தங்கிவிடும். பின் MOVE கொடுத்து, A-1 மையத்தைப் பிடித்து, சேருமிடம் #0,0 என்று தட்டச்சு செய்தால் போதும். டைனமிக் இன்புட் இயங்கும்போது # இல்லாமல் 0,0 என்றால் இருந்த இடத்திலிருந்து பூஜ்ய தூரம் என்று பொருளாகி, எதுவும் நகராது.

கோப்பை அடுத்தவருக்கு அனுப்புமுன் ID கட்டளையால் இரண்டு புள்ளிகளைத் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். A-1-இல் பூஜ்யங்கள் வர வேண்டும். எதிர்மூலையான D-6-இல் வர வேண்டியது இது:

```
X = 20000.0000   Y = 18000.0000   Z = 0.0000
```

ஒரு புள்ளி மட்டும் பார்த்தால் அளவும் திருப்பமும் தவறியிருப்பது தெரியாது. இரண்டும் சரியென்றால் இடம், அளவு, திருப்பம் மூன்றும் சரி.

மனை வரைபடத்தில்தான் இந்தப் பூஜ்யம் வேறோர் எண்ணைச் சந்திக்கிறது. நில அளவையாளர் தரும் கோப்பு பெரும்பாலும் உண்மையான புவி ஆயங்களில் இருக்கும். சென்னையில் யுடிஎம் 44-ஆம் வடக்கு மண்டலத்தில் கிழக்கு ஆயம் சுமார் 4 லட்சத்து 20 ஆயிரம் மீட்டர். வடக்கு ஆயம் 14 லட்சம் மீட்டருக்கு மேல். மில்லிமீட்டரில் இவை கோடிக்கணக்கில் போகும். கட்டடப் பிளானை அவ்வளவு தொலைவில் வரைந்தால் ஹேட்ச் கோடுகள் சிதைவது, வளைவுகள் திரையில் நடுங்குவது போன்ற தொல்லைகள் வரும். மனையின் சாய்வுக்கு ஏற்பக் கட்டடத்தையே சாய்த்து வரைவதும் வேலைக்கு ஒத்துவராது. அதனால் கட்டடக் கோப்புகள் தம் பூஜ்யத்திலேயே நேராக நிற்கட்டும். மனைக் கோப்பு மட்டும் பிளானை எக்ஸ்ரெஃப்பாக எடுத்து, A-1-இன் புவி ஆயத்தில் செருகி, வேண்டிய கோணம் திருப்பிக்கொள்ளும். அந்த ஆயத்தையும் கோணத்தையும் மனைக் கோப்பிலேயே எழுதி வைக்க வேண்டும். களத்தில் டோட்டல் ஸ்டேஷன் வைத்து முதல் தூணின் இடத்தைக் குறிப்பவருக்கு அவை இரண்டும் தேவைப்படும்.