புதுச்சேரிக்கு எந்தப் பக்கம் மூக்கைத் திருப்புவது?

சென்னையிலிருந்து புதுச்சேரி விமான நிலையம் 65 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 120 கிலோமீட்டர். வரைபடத்தில் கோடு போட்டால் திசை 200 பாகை, தெற்குக்குச் சற்று மேற்கே. 100 நாட் வேகச் சிறு விமானத்துக்குக் காற்றில்லாவிட்டால் 39 நிமிடம்.

ஆனால் ஜூனில் காற்றில்லாத நாள் ஏது? 3,000 அடியில் 260 பாகையிலிருந்து 20 நாட் காற்று என்று முன்னறிவிப்பு சொல்கிறது. காற்றுக்கு வரும் திசையே பெயர். ஆக இது வலப்பக்கத்து மேல்காற்று, விமானத்தை இடப்பக்கம் கடலை நோக்கித் தள்ளும்.

எவ்வளவு தள்ளும் என்பதற்கு மாணவர்கள் மனக்கணக்கு வைத்திருக்கிறார்கள். 60 மைல் போனபின் 1 மைல் விலகியிருந்தால் பிசகு 1 பாகை. காற்று நேர் பக்கவாட்டில் அடித்தால், 20-ஐ 60-ஆல் பெருக்கி 100-ஆல் வகுக்க, 12 பாகை. இங்கே காற்றுக்கும் பாதைக்கும் இடையே 60 பாகைதான், சைன் 0.87. ஆக, ஏறக்குறைய 10 பாகை. மூக்கை 210-க்குத் திருப்ப வேண்டும். காற்றில் பாதி, 10 நாட், எதிர்க்காற்றாகவும் நிற்கும். சாய்ந்து பறப்பதில் இன்னும் 2 நாட் குறையும். தரைவேகம் 88; பயணம் 44 நிமிடம்.

திருப்பாமலே போனால் முடிவில் சுமார் 11 மைல் இடப்பக்கம், வங்கக்கடலின் மேல்.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. கோடை மதியம் சென்னையில் கடற்காற்று புகுந்துவிட்டால், ஓடுபாதையோரக் காற்றுப்பை கிழக்குக் காற்றைக் காட்டும். கடற்காற்றோ தரையை ஒட்டிய மெல்லிய படலம். அதற்கு மேலே மேல்காற்றுதான். பையைப் பார்த்து இடப்பக்கம் 190-க்குத் திருப்புகிறவர் தன் பிசகைத் தானே இரட்டிப்பாக்குகிறார்: 20 பாகை, முடிவில் 20 மைலுக்கும் மேல். முன்னறிவிப்பில் பறக்கும் உயரத்துக் காற்றைத் தேடச் சொல்வது இதற்காகத்தான்.

சரியாகக் கணக்கிட்டாலும் முன்னறிவிப்பு பிசகலாம். அதைக் காட்டிக்கொடுப்பது தரை. 20 மைலில், ஏறக்குறைய 14-ஆம் நிமிடத்தில், செங்கல்பட்டின் கொளவாய் ஏரி வலப்புறம் சுமார் 4 மைலில் தெரிய வேண்டும். 6 மைலில் தெரிந்தால் விமானம் 2 மைல் இடப்பக்கம் விலகியிருக்கிறது. மேலே காற்று சொன்னதைவிடப் பலமாக இருக்கலாம்.

மறுபடி அதே கணக்கு. 2-ஐ 60-ஆல் பெருக்கி 20-ஆல் வகுக்க, 6 பாகை. அவ்வளவு திரும்பினால் விலகல் நிற்கும். ஆனால் விமானம் பழைய கோட்டுக்கு இணையாகவே போகும், புதுச்சேரி 2 மைல் தள்ளி நிற்கும். மீதி 45 மைலில் அதை ஈடுகட்ட இன்னும் 3 பாகை. மொத்தம் 9, புதிய திசை 219. வந்துசேரும் நேரமும் தள்ளிப்போகும். அதைத் திருத்தி எழுதிவிட்டு, மாணவர் வலப்பக்க ஜன்னலில் மதுராந்தகம் ஏரியைத் தேடத் தொடங்குகிறார்.