பெட்டிக்குள் ஒட்டிய கைப்பிரதி எங்கே போகிறது?

2017 செப்டம்பரில் நார்வேயின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்ஆர்கே ஒரு செய்தியை வெளியிட்டது. அந்நாட்டின் பெரிய எண்ணெய் நிறுவனமான ஸ்டாட்டாயிலில் வேலை பார்ப்பவர்கள், ஒரு இலவச மொழிபெயர்ப்புத் தளத்தில் தாங்கள் ஒட்டிய வாசகங்கள் கூகுளில் தேடினாலே கிடைப்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள். அப்படிக் கிடைத்தவற்றில் பணிநீக்கக் கடிதங்கள், ஆட்குறைப்புத் திட்டங்கள், ஒப்பந்தங்கள், கடவுச்சொற்கள் எல்லாம் இருந்தன. யாரும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. அவசரத்தில் ஒரு பத்தியை மொழிபெயர்க்க நினைத்தவர்கள், டிரான்ஸ்லேட்.காம் என்ற தளத்தின் வெள்ளைப் பெட்டியில் அதை ஒட்டிப் பொத்தானை அழுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். செய்தி வந்ததும் ஆஸ்லோ பங்குச் சந்தை தன் ஊழியர்கள் அத்தகைய தளங்களைத் திறக்க முடியாதபடி அடைத்துவிட்டது.

அந்தத் தளம் தந்த விளக்கம்தான் முக்கியமானது. மொழிபெயர்ப்பின் தரத்தைக் கூட்டுவதற்காக, ஒட்டப்பட்ட வாசகங்களைத் தன்னார்வ மொழிபெயர்ப்பாளர்களும் பார்க்கும்படி ஒரு காலத்தில் வைத்திருந்ததாகவும், அப்படித் தேடுபொறிகள் சிலவற்றை எடுத்துக்கொண்டதாகவும் அது சொன்னது. அதற்கான அறிவிப்பும் தளத்தில் இருந்ததாம். பயன்படுத்தியவர்கள் அதைப் படிக்கவில்லை.

அன்று மொழிபெயர்ப்புக்காக ஒட்டினார்கள். இன்று அதே மாதிரிப் பெட்டியில், ‘இது திருடப்பட்டதா, இல்லை ஏஐ எழுதியதா’ என்று கேட்டு ஒட்டுகிறார்கள். முனைவர் பட்ட மாணவர் சமர்ப்பிக்கும் முன் தன் ஆய்வேட்டின் அத்தியாயத்தைச் சோதிக்கிறார். நாவலாசிரியர் பதிப்பாளரிடம் கொடுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிட நினைக்கிறார். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளரிடம் வாடிக்கையாளர், ‘ஏஐ ரிப்போர்ட் இணைத்து அனுப்புங்கள்’ என்கிறார். வழக்கறிஞர் அலுவலகத்தில் ஜூனியர் தயாரித்த வரைவைப் பார்த்துச் சந்தேகப்படும் சீனியரும் அதையேதான் செய்கிறார். இவர்கள் எல்லோரும் எதிர்பார்ப்பது திரையில் வரும் ஒரு சதவீத எண். அந்த எண் வருவதற்கு முன் எழுத்து எங்கெல்லாம் போய் வருகிறது என்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

ஒட்டிப் பொத்தானை அழுத்தியதும் வாசகம் அநேகமாக உங்கள் கணினியில் வைத்துப் பரிசோதிக்கப்படுவதில்லை. முழுவதும் அந்தத் தளத்தின் சர்வருக்குப் போகிறது. அங்கே பதிவேட்டில் ஒரு பிரதி விழலாம். பல சிறிய தளங்கள் சொந்தமாக எதையும் கணக்கிடுவதில்லை. வேறொரு நிறுவனத்தின் சேவைக்கு வாசகத்தை அனுப்பி, அங்கிருந்து வரும் விடையைத் தங்கள் வண்ணத்தில் காட்டுகின்றன. கருத்துத்திருட்டைச் சோதிக்கும் தளமானால் வாக்கியங்களைத் துண்டு துண்டாக வெட்டித் தேடுபொறிகளிடம் கேட்பதும் உண்டு. முடிவை ‘பகிரக்கூடிய இணைப்பு’ ஆகத் தரும் தளங்களில், அந்த இணைப்பின் பக்கத்தில் உங்கள் வாசகமும் சேர்ந்தே இருக்கும். அதைத் தேடுபொறி எடுத்துக்கொள்ளாதபடி தளத்தார் தடுத்திருக்கிறார்களா என்பதை வெளியிலிருந்து உறுதியாகச் சொல்வது கடினம்.

பொத்தானை அழுத்தாவிட்டால் பத்திரம் என்றும் நினைத்துவிடக் கூடாது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், பார்வையாளர் தட்டும் எழுத்துகளையும் நகர்த்தும் மவுஸையும் பதிவு செய்து மூன்றாம் நிறுவனத்துக்கு அனுப்பும் நிரல்களைப் பிரபலமான தளங்களிலேயே கண்டார்கள். அவர்கள் பார்த்த 50,000 தளங்களில் 482-இல் அப்படிப் பதிவு நடப்பதற்கான தடயம் கிடைத்தது. படிவத்தை அனுப்பும் முன்பே, தட்டத் தட்ட எழுத்து வெளியேறக்கூடும் என்பதுதான் அந்த ஆய்வு காட்டியது. விளம்பரத்தாலும் தகவலாலும் பிழைக்கும் இலவசத் தளங்களில் இப்படிப்பட்ட மூன்றாம் நிறுவன நிரல்கள் இருப்பது வியப்பில்லை.

சேமித்து வைப்பதற்கு வருவோம். ஆய்வு மாணவர்களுக்கு நேரடியாக அடி விழுவது இங்கேதான். ஒரு கற்பனையான உதாரணம். மதுரையில் ஒரு மாணவி தன் மூன்றாம் அத்தியாயத்தை, சமர்ப்பிப்பதற்கு நான்கு மாதம் முன்பு, ஒரு தளத்தில் ஏற்றிப் பார்க்கிறார். அந்தத் தளம் வரும் எழுத்தையெல்லாம் தன் ஒப்பீட்டுக் களஞ்சியத்தில் சேர்க்கிறது. பின்னர் அதே களஞ்சியத்தோடு தொடர்புள்ள கருவியில் அவருடைய பல்கலைக்கழகம் முழு ஆய்வேட்டையும் சோதித்தால், அவருடைய அத்தியாயம் அவருடைய அத்தியாயத்தோடேயே ஒத்துப்போகும். அறிக்கையில் அது ‘ஒரு மாணவரின் கட்டுரை’ என்று மட்டும் தெரியும். யாருடையது என்று தெரியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி 10 சதவீதத்துக்குள் ஒத்திருந்தால் நடவடிக்கை இல்லை. 10-க்கு மேல் 40 வரை, 40-க்கு மேல் 60 வரை, 60-க்கு மேல் என்று ஒத்தமைவு கூடக் கூட நடவடிக்கையும் கடுமையாகிறது. அத்தியாயம் பெரிதாக இருந்தால் அந்த மாணவியின் ஆய்வேடு எந்தப் படியில் போய் நிற்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். தன் எழுத்துதான் என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில் வந்து விழும்.

‘சேமிக்காதீர்கள் என்று எழுதி வைத்துவிடலாமே’ என்று தோன்றும். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நான்கு பேர் அதைச் செய்து பார்த்தார்கள். டர்னிட்டின் நிறுவனம் தங்கள் கட்டுரைகளைக் காப்பகத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று கட்டுரையிலேயே குறிப்பு எழுதினார்கள். கட்டுரைகள் காப்பகத்துக்குப் போயின. 2007-இல் வழக்குப் போட்டார்கள். விசாரணை நீதிமன்றம், ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானை அழுத்தியதே ஒப்பந்தம், கட்டுரையில் எழுதிய குறிப்பால் அது மாறாது என்றது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், திருட்டைத் தடுக்க ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக முழுப் பிரதியை வைத்திருப்பது பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கும் நியாயமான பயன்பாடு என்று கருதி மாணவர்களின் கோரிக்கையை நிராகரித்தது. டர்னிட்டின் இலவசத் தளம் அல்ல, பள்ளிகள் காசு கொடுத்து வாங்கும் பழைய நிறுவனம். அங்கேயே குறிப்பு செல்லவில்லை என்றால், முகவரியே போடாத ஒரு இலவசத் தளத்தின் விதிமுறைப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கும் என்று படிக்காமல் ஒட்டுவது மிகப் பெரிய துணிச்சல். அந்தப் பக்கத்தில் ‘license’, ‘retain’, ‘third parties’, ‘improve’ என்ற நான்கு சொற்களைத் தேடிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ‘perpetual’, ‘irrevocable’ என்றும் கண்ணில் பட்டால், நீங்கள் என்றென்றைக்குமாக, திரும்பப் பெற முடியாதபடி உரிமை எழுதிக் கொடுக்கப் போகிறீர்கள்.

கைப்பிரதியாவது எழுதியவருடையது, நஷ்டப்பட்டால் அவரே படுகிறார். வாடிக்கையாளரின் ஆவணம் அப்படி இல்லை. வழக்கறிஞர் தன் கட்சிக்காரர் சொன்னதை அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று பாரதிய சாட்சிய சட்டத்தின் 132-ஆம் பிரிவு சொல்கிறது. பட்டயக் கணக்காளர் தொழிலில் அறிந்ததை வாடிக்கையாளரின் ஒப்புதல் இன்றிப் பிறருக்குத் தெரிவிப்பது, 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொழில்முறைத் தவறு. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2024 ஜூலையில் தந்த கருத்துரையில், உள்ளீட்டிலிருந்து கற்றுக்கொள்ளும் ஏஐ கருவியில் கட்சிக்காரரின் தகவலைப் போடும் முன் விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்றும், ஒப்பந்தத்தில் பொதுவாக ஒரு வரி இருப்பது போதாது என்றும் கூறியது. டிடெக்டர் உள்ளீட்டைச் சேமித்துத் தன்னைப் பயிற்றுவித்துக்கொள்ளுமானால், அது அந்த வகைக் கருவிதான்.

‘பெயரை எடுத்துவிட்டு ஒட்டினேன்’ என்பது நான் அதிகம் கேட்கும் பதில். ஒரு கிரைய ஒப்பந்த வரைவை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர், வாங்குபவர் பெயர்களை நீக்கிவிட்டீர்கள். சர்வே எண், கிராமம், நான்கெல்லை விவரம், கிரையத் தொகை, முன்பணம், பதிவுக்குக் குறித்த நாள் அப்படியே இருக்கின்றன. சர்வே எண்ணும் கிராமமும் தெரிந்தால் பட்டாவை வைத்து நிலத்துக்காரரைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. அதன் பிறகு அங்கே மிஞ்சும் ஒரே ரகசியம் விலை. அதுவும் வரைவிலேயே இருக்கிறது. அடையாளம் கொடுக்கும் எல்லாவற்றையும் உண்மையாகவே நீக்கினால், சோதிக்க வாசகம் என்று பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

இவ்வளவு கொடுத்து வாங்கும் விடையாவது நம்பத் தகுந்ததா? ஏஐ எழுத்தைக் கண்டறிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கருவி வெளியிட்டது. அதன் சொந்தச் சோதனையிலேயே ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்று தவறாகச் சொன்னது. துல்லியம் குறைவு என்று ஆறு மாதத்தில் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபெல் கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் கொடுத்தார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ எழுதியவை என்று வந்தன. ஆங்கிலத்தில் எழுதும் தமிழர்கள் எல்லோரையும் தொடும் செய்தி இது. ரகசியத்தைக் கொடுத்து இப்படி ஒரு எண்ணை வாங்குவது எனக்கு எந்த வகையிலும் நியாயமாகப் படவில்லை.

ஒரு தளம் உங்கள் எழுத்தை வெளியே அனுப்புகிறதா என்று ஓரளவுக்கு நீங்களே பார்க்கலாம். உலாவியில் `F12` அழுத்தி `Network` என்ற பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, நீங்களே புனைந்த, யாருக்கும் பயனில்லாத ஒரு பத்தியை ஒட்டுங்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன்பே பட்டியலில் புதிய வரிகள் விழுந்தால் ஏதோ வெளியேறுகிறது. அழுத்திய பிறகு எந்தெந்த முகவரிகளுக்குப் போகிறது என்பதும் தெரியும். தளத்தின் பெயரல்லாத முகவரி ஒன்று உங்கள் பத்தியோடு இருந்தால் வேறொரு நிறுவனமும் அதை வாங்கிக்கொள்கிறது. சர்வருக்குப் போய்ச் சேர்ந்த பின் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதை இந்த வழியில் அறிய முடியாது.

ஆய்வேட்டைச் சோதிக்க வேண்டுமானால் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போவதுதான் சரி. ஷோத்சுத்தி திட்டத்தில் இன்ஃப்லிப்நெட் 2019 முதல் பல்கலைக்கழகங்களுக்கு இதற்கான மென்பொருளைத் தருகிறது. கொடுக்கும்போது நூலகரிடம், ‘இது வரைவுதான், களஞ்சியத்தில் சேரக் கூடாது’ என்று சொல்லுங்கள். டர்னிட்டின் பயன்படுத்தும் இடங்களில் `No repository` என்ற தெரிவு இருக்கிறதா என்று கேட்கலாம். ஏஐ அறிக்கை கேட்கும் வாடிக்கையாளருக்கு அதைவிட நம்பகமான சான்றாக, கோப்பின் பதிப்பு வரலாற்றையும் முதல் வரைவிலிருந்து செய்த திருத்தங்களையும் காட்டலாம்.

ஏற்கெனவே ஒட்டிவிட்டவர்கள் அந்தத் தளத்தில் கணக்கு இருந்தால் பழைய அறிக்கைகளை அழித்து, நீக்கக் கோரி மின்னஞ்சல் அனுப்பி, அனுப்பிய நாளோடு அதன் நகலை வைத்துக்கொள்ள வேண்டும். ஆவணத்திலிருந்து தனித்துவமான ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடினால், அது பொதுவெளிக்கு வந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கலாம். அந்த வாக்கியத்தில் பெயரோ எண்ணோ இருக்கக் கூடாது. வாடிக்கையாளரின் ஆவணமாக இருந்தால் அவரிடம் இன்றே சொல்லிவிட வேண்டும். ஆய்வேடாக இருந்தால், இறுதிச் சோதனைக்கு முன்பே நெறியாளரிடமும் நூலகரிடமும் எந்தத் தளத்தில், எந்த நாளில், எந்த அத்தியாயம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அறிக்கை வரும்போது அந்த ஒத்தமைவை ஆய்ந்து விலக்க அவர்களுக்கு ஒரு ஆதாரம் இருக்கும்.