சாவி யாரிடம் இருக்கிறது?

வாடகை வீடு, பழைய பைக், டியூஷன், பிளம்பர் என ஓர் ஊரின் தேவைகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் உள்ளூர் விளம்பரத் தளங்களில் சில, நாம் அனுப்பும் விளம்பரத்தை உடனே வெளியிடுவதில்லை. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு வரி வரும். தளத்தை நடத்துபவர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அது ஊர் கண்ணில் படும். அந்த இடைவெளியில் அவர் எதைப் பார்க்கிறார்?

முதலில் பார்ப்பது தொலைபேசி எண்ணை. அனுப்பியவருக்கு உரிய எண்தானா என்பதை ஓடிபி அனுப்பியோ நேரில் அழைத்தோ உறுதி செய்ய வேண்டும். பிடிக்காத ஒருவரைத் தொல்லைப்படுத்த, அவருடைய எண்ணைப் போட்டு விளம்பரம் தருகிறவர்கள் உண்டு. குறிப்பாகப் பெண்களின் எண்கள் இப்படிப் பயன்படுத்தப்படுகின்றன. அப்படி ஒன்று அரை மணி நேரம் வெளியே இருந்தாலும், வரும் அழைப்புகளை நிறுத்த முடியாது. எடுத்துவிட்ட பிறகும் ஸ்கிரீன்ஷாட் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அடுத்து, பொருள் உண்மையா என்ற கேள்வி. இப்படி ஒரு விளம்பரம் வருவதாக வைத்துக்கொள்வோம்: ‘பஸ் ஸ்டாண்ட் அருகில் இரண்டு படுக்கையறை வீடு. வாடகை 5,000 ரூபாய். ராணுவத்தில் பணி, திடீர் டிரான்ஸ்பர்.’ அந்தத் தெருவில் அப்படிப்பட்ட வீடு 9,000 ரூபாய்க்குக் குறைந்து கிடைக்காது என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும். படத்தை கூகுள் லென்ஸில் தேடினால் அதே ஹால் வேறு நகரத்து விளம்பரம் ஒன்றில் இருக்கிறது. தளக்காரர் அழைக்கிறார்.

“சார், வீட்டை நாளைக்கு வந்து பார்க்கலாமா? சாவி யாரிடம் இருக்கு?”

“நான் இப்ப டூட்டில இருக்கேன். டோக்கன் அட்வான்ஸ் போடச் சொல்லுங்க, வீட்டைப் பிடிச்சு வைக்கிறேன்.”

இந்தப் பதிலோடு பரிசீலனை முடிந்துவிடுகிறது. உண்மையில் வீடு வைத்திருப்பவர் வெளியூரில் இருந்தாலும் சாவியைப் பக்கத்து வீட்டிலோ உறவினரிடமோ கொடுத்து வைத்திருப்பார். வீட்டைக் காட்டாமல் பணம் கேட்பதுதான் இந்த மோசடியின் அடையாளம். இதே ஆட்கள் பொருள் வாங்குகிறவர் போல வந்து, “இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துவிடும்” என்பார்கள். யுபிஐயில் பின் நம்பர் கேட்கப்படுவது பணம் அனுப்பத்தான். பணம் பெற அது தேவையே இல்லை.

மனை விளம்பரத்துக்கு இன்னொரு படி இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவை, 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யக் கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ஆகவே எண் இல்லாத விளம்பரம் திரும்பிப் போகும். எண் இருந்தால், தமிழ்நாட்டு ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்து, அது அந்த மனைப்பிரிவுக்கே உரியதா என்று ஒத்துப் பார்க்கலாம். இன்னொரு திட்டத்தின் எண்ணை எடுத்துப் போடுவதை இந்த ஒரு தேடல் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஓட்டை விழும் இடம் ஒன்று உண்டு. ஒப்புதல் வாங்கிய விளம்பரத்தை அனுப்பியவரே பிறகு திருத்தலாம் என்றால், முதல் நாள் தையல் மெஷின் விற்றவர் மறுநாள் அதே பக்கத்தில் ‘வீட்டிலிருந்தே வேலை, பதிவுக் கட்டணம் 500 ரூபாய்’ என்று மாற்றிவிடுவார். அதனால் எண்ணோ, விலையோ, படமோ மாறினால் விளம்பரம் மீண்டும் பரிசீலனை வரிசைக்கே போகும்படி தளத்தை அமைக்க வேண்டும். காலாவதியும் அவசியம். வீடு வாடகைக்குப் போய் மூன்று மாதம் ஆன பிறகும் விளம்பரம் நின்றால், உரிமையாளருக்கு அழைப்புத் தொல்லை, தேடுபவருக்கு வீண் அலைச்சல். 30 நாளில் தானாக மறைந்து, ‘இன்னும் இருக்கிறதா?’ என்று குறுஞ்செய்தி கேட்டு, ‘ஆம்’ என்றால் மட்டும் புதுப்பிக்கும் முறை நன்றாக வேலை செய்யும்.

இந்தப் பரிசீலனைக்கு ஓர் எல்லை இருக்கிறது. எண் உண்மை, படம் உண்மை, பதிவு எண் பொருந்துகிறது என்பது வரைதான் தளக்காரரால் சொல்ல முடியும். மனையின் பட்டா யார் பெயரில் இருக்கிறது, வில்லங்கம் உண்டா, பைக்கின் கடன் அடைந்துவிட்டதா என்பதெல்லாம் அவர் கைக்கு அப்பாற்பட்டவை. எனவே ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற பச்சை முத்திரை குத்தும் தளம், எதைச் சரிபார்த்தது என்றும் அதன் பக்கத்திலேயே எழுத வேண்டும். ‘தொலைபேசி எண் மட்டும் சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதும் தளத்தை நம்பலாம். மீதியை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அது மறைக்கவில்லை.