தளத்தின் அடியில் ஒரு முகவரி

அறிமுகமில்லாத இணையக் கடையில் பணம் கட்டும் முன் நாம் பார்ப்பது பெரும்பாலும் பொருளின் படத்தையும் விலையையும்தான். கடைக்காரர் எந்த ஊர்க்காரர் என்ற கேள்வி, பொருள் வந்து சேராதபோதுதான் எழுகிறது. யார் பெயருக்குப் புகார் எழுதுவது, எந்த ஊருக்கு அனுப்புவது? அதற்கான விடை பல நேரம் அதே தளத்தின் அடிப்பகுதியில், பொடி எழுத்தில் இருக்கிறது.

இந்தியக் கம்பெனிகள் இதைத் தங்கள் விருப்பப்படி போடுவதில்லை. கம்பெனிச் சட்டத்தின் கீழ் 2014-இல் வந்த பதிவு விதிகளில் 26-ஆவது விதி, தளம் வைத்திருக்கும் ஒவ்வொரு கம்பெனியும் முகப்புப் பக்கத்தில் தன் பெயர், பதிவு அலுவலக முகவரி, கம்பெனி அடையாள எண், தொலைபேசி, மின்னஞ்சல், குறைகளைக் கேட்பவரின் பெயர் ஆகியவற்றைப் போட வேண்டும் என்கிறது. எல்லோரும் போடுவதில்லை என்பது உண்மை. போட்டிருப்பவர்களிடம் என்ன தெரிந்துகொள்ளலாம் என்று பார்க்க, பெரும்பாலோர் பயன்படுத்திய ஒரு தளத்தையே எடுத்துக்கொள்வோம்.

ஃபிளிப்கார்ட் தளத்தில் கடைசிவரை கீழே போனால் பதிவு அலுவலக முகவரி வரும். அங்கே இருக்கும் பெயர் வெறும் ‘ஃபிளிப்கார்ட்’ அல்ல, ‘ஃபிளிப்கார்ட் இன்டர்நெட் பிரைவேட் லிமிடெட்’. முன்னது வியாபாரப் பெயர். பின்னதுதான் சட்டம் அறிந்த பெயர். வழக்கோ நோட்டீஸோ இந்தப் பெயருக்குத்தான் போக வேண்டும். முகவரி பெங்களூரு வெளிவட்டச் சாலையில் உள்ள எம்பசி டெக் வில்லேஜ். அதன் கீழே அடையாள எண்:

```
CIN: U51109KA2012PTC066107
```

21 எழுத்துகள் கொண்ட இந்த எண்ணை யாரும் படித்துவிடலாம். முதல் எழுத்து U என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனி, பட்டியலிட்டதென்றால் L. அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழில் வகை. பிறகு வரும் KA கர்நாடகம். தமிழ்நாட்டில் பதிவானதென்றால் அங்கே TN இருக்கும். 2012 பதிவான ஆண்டு. PTC தனியார் கம்பெனி என்பதற்கான குறி. கடைசி ஆறு இலக்கங்கள் பதிவு எண்.

ஃபிளிப்கார்ட் தொடங்கியது 2007-இல். அப்படியிருக்க எண்ணில் ஏன் 2012 என்று இருக்கிறது? தளத்தை இன்று நடத்தும் கம்பெனி பிற்பாடு தனியாகப் பதிவு செய்யப்பட்டது என்பதுதான் காரணம். ‘எங்களைப் பற்றி’ பக்கங்கள் சொல்வது ஒரு பிராண்டின் கதை. அடியில் உள்ள எண் சொல்வது ஒரு சட்ட நபரின் பிறப்புச் சான்று. இரண்டு ஆண்டுகளும் ஒத்துப்போகாவிட்டால் உடனே மோசடி என்று நினைக்க வேண்டியதில்லை. ஆனால் முப்பது வருடப் பாரம்பரியம் என்று சொல்லும் ஒரு நகைக்கடைத் தளத்தின் எண்ணில் போன வருடம் இருந்தால், அந்த முப்பது வருடம் யாருடையது என்று நிச்சயம் கேட்க வேண்டும்.

எண் சொல்லாத ஒன்றும் உண்டு: உரிமையாளர் யார் என்பது. வெளிநாட்டுக் கம்பெனியின் துணை நிறுவனங்களுக்கு FTC என்றொரு குறி இருக்கிறது. ஆனால் PTC என்று இருப்பதால் உரிமையும் இந்தியாவில்தான் என்று முடிவு கட்ட முடியாது. 2018-இல் வால்மார்ட் ஃபிளிப்கார்ட்டின் பெரும்பங்கை வாங்கியபோது, தாய் நிறுவனம் பதிவாகியிருந்தது சிங்கப்பூரில். வால்மார்ட்டின் தலைமையகமோ அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில். ஆக, அந்த நிறுவனம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அன்று பெங்களூரு, சிங்கப்பூர், ஆர்கன்சா என்று மூன்று விடைகளும் சரி. இயக்கும் இடம் வேறு, பதிவு வேறு, லாபம் போய்ச் சேரும் இடம் வேறு. பொருள் வாங்கி ஏமாந்தவருக்கு முக்கியமானது, தன்னோடு ஒப்பந்தம் செய்த பெயரும் அதன் முகவரியும்தான்.

சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த ஃபிரெஷ்வொர்க்ஸ் இதன் மறுபக்கம். 2010-இல் சென்னையில் ஃபிரெஷ்டெஸ்க் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. தளத்தின் அடியில் உள்ள பெயரோ ‘ஃபிரெஷ்வொர்க்ஸ் இன்க்.’ அந்த ‘இன்க்.’ என்ற ஒட்டே அமெரிக்காவைக் காட்டிவிடுகிறது. பதிவு டெலவேர் மாநிலத்தில், தலைமையகம் கலிபோர்னியாவின் சான் மட்டேயோவில். 2021-இல் பங்குகளைப் பட்டியலிட்டது நாஸ்டாக்கில். சென்னை அலுவலகமும் பொய்யில்லை, ஆனால் அது வேறொரு பெயரில் இயங்கும் துணை நிறுவனம்.

பெயரின் வால் இப்படிப் பல நாடுகளைக் காட்டிக்கொடுக்கும். ‘பிடிஇ லிமிடெட்’ என்றால் சிங்கப்பூர், ‘பிடிஒய் லிமிடெட்’ ஆஸ்திரேலியா, ‘எஸ்டிஎன் பிஎச்டி’ மலேசியா. வெறும் ‘லிமிடெட்’ மட்டும் இருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அது பல நாடுகளில் உண்டு. ‘© 2025’ என்று போட்டு, பக்கத்தில் பிராண்டின் பெயரை மட்டும் எழுதியிருந்தாலும் அது சட்டப் பெயர் ஆகாது.

கிடைத்த பெயரையும் எண்ணையும் பதிவேட்டில் ஒப்பிட்டால்தான் வேலை முடியும். இந்தியக் கம்பெனி என்றால் mca.gov.in தளத்தில் கம்பெனியின் அடிப்படை விவரங்களைத் தேடலாம். எண்ணைக் கொடுத்தால் பெயர், முகவரி, இப்போது இயங்குகிறதா, பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதா என்பதெல்லாம் வரும். போலித் தளங்கள் இன்னொரு கம்பெனியின் எண்ணை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வது இங்கேதான் பிடிபடும்: எண் உண்மையாக இருக்கும், எதிரே வரும் பெயர் வேறாக இருக்கும். பிரிட்டனிலும் கம்பெனிகள் தங்கள் தளத்தில் பதிவுப் பெயர், எண், அலுவலக முகவரி மூன்றையும் காட்டியாக வேண்டும். அங்குள்ள ‘கம்பெனீஸ் ஹவுஸ்’ பதிவேட்டை எங்கிருந்தும் இலவசமாகப் பார்க்கலாம். எண்ணின் தொடக்கத்தில் SC இருந்தால் ஸ்காட்லாந்து, NI இருந்தால் வட அயர்லாந்து.

பதிவேட்டில் எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த முகவரியில் ஆள் இருப்பார்கள் என்று அர்த்தமில்லை. டெலவேரின் வில்மிங்டன் நகரில் 1209, நார்த் ஆரஞ்சு தெரு என்ற ஒரே கட்டடம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் சட்ட முகவரியாக இருந்திருக்கிறது. கம்பெனிகளுக்காகத் தபால் வாங்கித் தரும் முகமை ஒன்று அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். லண்டன் கோவென்ட் கார்டனில், ஷெல்டன் தெருவின் 71-75 எண்ணிலும் இதே வகையில் ஏராளமான கம்பெனிகள் பதிவாகியிருக்கின்றன. இது சட்டப்படி சரியானதே. வீட்டிலிருந்து தொழில் செய்யும் நேர்மையானவர்களும் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் அந்த முகவரியைக் காட்டி ‘லண்டனில் எங்கள் பட்டறையில் தைக்கிறோம்’ என்று ‘எங்களைப் பற்றி’ பக்கம் சொன்னால் நம்பக் கூடாது. முகவரியை அப்படியே தேடுபொறியில் இட்டுப் பாருங்கள். சம்பந்தமே இல்லாத நூறு கம்பெனிகள் அதே முகவரியோடு வந்தால், அது அஞ்சல் முகவரி.

அப்போது பார்க்க வேண்டியவை, அடியில் இணைப்பாக இருக்கும் மூன்று பக்கங்கள். விதிமுறைகள் பக்கத்தில் எந்த ஊர் நீதிமன்றம் என்ற வரி இருக்கும். தனியுரிமைக் கொள்கையில் நம் தகவலுக்குப் பொறுப்பான நிறுவனத்தின் முழுப் பெயர் இருக்கும். முகப்பில் மறைத்த பெயர் பல தடவை இங்கே வெளிப்பட்டுவிடுகிறது. திருப்பி அனுப்பும் விதிகளில் பொருளை எங்கே அனுப்ப வேண்டும் என்று இருக்கும். என் கணக்கில் மூன்றில் இதுவே நம்பகமானது, ஏனென்றால் சரக்கு உண்மையில் போய்ச் சேர வேண்டிய இடம் அது. சிட்னியில் குடும்பமாக நடத்தும் கடை என்று சொல்லிக்கொண்டு, திருப்பி அனுப்ப வேறொரு நாட்டுக் கிடங்கைக் காட்டும் தளங்கள் உண்டு. ‘பேய்க் கடைகள்’ என்று ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2025-இல் எச்சரித்தது இவற்றைத்தான். திருப்பி அனுப்பும் முகவரியையே போடாமல், ‘மின்னஞ்சல் அனுப்புங்கள், சொல்கிறோம்’ என்று எழுதியிருந்தால் அந்தக் கடையில் நான் வாங்க மாட்டேன்.

பல வியாபாரிகள் விற்கும் சந்தைத் தளங்களில் இன்னொரு பெயரையும் பார்க்க வேண்டும். அடியில் இருப்பது தளத்தின் முகவரி, விற்பவருடையது அல்ல. 2020-இன் மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயரும் முகவரியும் தனியாகத் தெரிய வேண்டும். பொருளின் பக்கத்தில் விற்பவர் பெயரைத் தட்டினால் கிடைக்கும்.